முதியோர் எழுத்தறிவு வகுப்பை மூடிய எங்கள் ஊர்க் கோயில் அறங்காவலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அறங்காவலர் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும் குழுவினர் அனைவருக்கும்,

டிசம்பர் மாதக் கூட்டத்தில் தாங்கள் எடுத்த முடிவின்படி, கோயில் மண்டபத்தில் நடந்துவந்த முதியோர் எழுத்தறிவு வகுப்பு நிறுத்தப்பட்டு, மண்டபம் பூட்டப்பட்டிருக்கிறது. அந்த முடிவை எங்கள் கல்லூரிக்கும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். "சேர்ந்தவர்கள் 28 பேர், இறுதிவரை வந்தவர்கள் 11 பேர், எனவே இத்திட்டம் பயனளிக்கவில்லை, பெரியவர்களுக்கு இனிப் படிப்பில் நாட்டம் வராது" என்பது அக்கடிதத்தின் சாரம். அந்த 28, 11 என்ற எண்கள் நாங்கள் சமர்ப்பித்த அறிக்கையிலிருந்துதான் எடுக்கப்பட்டவை. எண்கள் சரியானவை, அவற்றிலிருந்து எடுத்த முடிவு தவறானது. அறிக்கையின் மற்றப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்பதை ஊரார் முன்னிலையில் தங்களிடம் சொல்லவே இந்த மடலை எழுதுகிறோம்.

நாங்கள் ஆறு பேர் ஆசிரியர் பயிற்சி மாணவர்கள். ஆறு பேரும் பர்மாவின் தட்டோன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள். சேவைவழிக் கற்றல் என்ற பாடத்தின் கீழ் ஜூன் கடைசி வாரத்தில் வகுப்பைத் தொடங்கி, செவ்வாயும் வியாழனும் இரவு 7 மணி முதல் 8.30 வரை, 22 வாரங்கள் நடத்தினோம். வந்தவர்களில் பெரும்பாலானோர் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள். வீட்டில் தமிழும் சந்தையில் பர்மியமும் தடையின்றிப் பேசுகிறவர்கள், இரண்டையும் வாசிக்கத் தெரியாதவர்கள். அது அவர்களுடைய சோம்பலால் வந்த நிலை அன்று. 1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது தமிழ்ப் பள்ளிகள் இல்லாமற்போயின. அதே ஆண்டுகளில் குடும்பங்கள் பல கப்பலேறிப் போக, இங்கேயே தங்கிவிட்ட வீடுகளில் பெண்பிள்ளைகள் வயலுக்கும் தோட்டத்துக்கும் போனார்கள். தங்கள் குழுவில் உள்ள பெரியவர்கள் பலருடைய அக்காமாரும் தங்கைமாரும் அவர்களே.

முதலில் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். வகுப்பிலிருந்து விலகிய முதல் ஏழு பேரும் அறங்காவலர் குழுவாலோ தம்முடைய மனப்போக்காலோ விலகியவர்கள் அல்லர், எங்களால் விலகியவர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையிலேயே நாங்கள் தொடங்கினோம். பர்மிய எழுத்தின் 33 மெய்களையும் வரிசையாகப் பலகையில் எழுதி, 'கா ஜீ, கா க்வே' என்று ராகத்தோடு சொல்ல வைத்தோம். நான்கு வாரங்களில் எல்லோரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். எங்களுக்கும் பெருமையாக இருந்தது. ஐந்தாம் வாரம் பலகையில் நடுவிலிருந்து ஓர் எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டபோது, ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொருவரும் மீண்டும் 'கா ஜீ'யிலிருந்து தொடங்கி, விரலை நகர்த்தி நகர்த்திப் பாடிக்கொண்டே அந்த எழுத்துக்கு வந்தார்கள். பாட்டு ஓரிடத்திலும் விரல் வேறிடத்திலும் இருந்தது. அவர்கள் கற்றுக்கொண்டது பாட்டை, எழுத்தை அன்று. ஒரு மாத உழைப்புக்குப் பிறகு சந்தைக்குப் போனால் ஒரு பலகையைக்கூட வாசிக்க முடியவில்லை என்று கண்டதும் நான்கு பேர் நின்றுவிட்டார்கள்.

இன்னும் மூன்று பேர் நின்றதற்குக் காரணம் கண். தாளை முகத்துக்கு அருகில் கொண்டுவராமல் கை நீட்டித் தள்ளிப் பிடித்ததைப் பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அருகில் உள்ளது மங்கலாவது இயல்பு என்பதும், மண்டபத்தின் ஒற்றைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் அது இன்னும் கடினம் என்பதும் முதல் நாளே நாங்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டியவை. எட்டாம் வாரம் சந்தையிலிருந்து வாசிப்புக் கண்ணாடிகள் சிலவற்றை வாங்கி வந்து வைத்தோம். அதற்குள் அந்த மூவரும் "எங்களுக்கு மூளையில் ஏறாது, பாப்பா" என்று சொல்லிப் போய்விட்டார்கள். வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும் திரும்பவில்லை. இதை அறிக்கையில் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு வகுப்பு வேறாயிற்று. வீட்டில் கிடக்கிற எழுத்துள்ள தாள் எதுவாயினும் கொண்டுவரச் சொன்னோம். மாத்திரைப் பொட்டலம், மின்சார ரசீது, பேரனின் பள்ளி அறிவிப்பு, ரப்பர் கடைச் சீட்டு என்று பாய் நிறையக் குவிந்தது. அவற்றில் திரும்பத் திரும்ப வருகிற சொற்களையே பாடமாக்கினோம். முதலில் எடுத்தவை மூன்று: தண்ணீர், மருந்து, சந்தை. பர்மியத்தில் இவை யே, ஸே, ஸே என்று ஏறக்குறைய ஒரே ஓசையில் முடிபவை. மூன்றிலும் மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் ஒரே உயிர்க்குறி நிற்கும். மருந்துக்கும் சந்தைக்கும் அதோடு வலப்பக்கம் இரண்டு புள்ளிகள் சேரும். மாறுவது நடுவில் உள்ள எழுத்து மட்டுமே.

அந்த உயிர்க்குறியை எழுதிக் காட்டிய அன்று நடந்ததைத் தாங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் ஏன் முன்னால் நிற்கிறது என்று விளக்கத் தெரியாமல் நாங்கள் திணறிக்கொண்டிருந்தோம். சிறுவயதில் இரண்டாம் வகுப்புவரை தமிழ்ப் பள்ளிக்குப் போயிருந்த ஓர் அம்மா, அறுபது வயதுக்கு மேற்பட்டவர், எழுந்து பலகைக்கு வந்தார். சாக்கட்டியை வாங்கி, பக்கத்தில் நடுங்கும் கையால் 'கே' என்று எழுதினார். "இது நம்ம கொம்புதானே, சயாமா? கொம்பு முன்னாடிதானே நிக்கும்" என்றார். ஆம், அது நம் கொம்பேதான். தமிழில் கே என்ற எழுத்துக்குக் கொம்பு முன்னே நிற்பது போலவே பர்மியத்திலும் நிற்கிறது. கோ என்று எழுத நாம் முன்னே கொம்பும் பின்னே காலும் இடுவது போல, அவர்களும் முன்னே அந்தக் குறியும் பின்னே ஒரு காலும் இட்டு ஓகாரத்தை ஒத்த ஓர் ஒலியைக் காட்டுகிறார்கள். இரண்டு எழுத்துக்கும் மூலம் ஒன்று என்பது நாங்கள் பாடத்தில் படித்ததுதான். ஆனால் அதைக் கற்பிக்கும் கருவியாக்கலாம் என்று எங்களுக்குக் காட்டியவர் அந்த அம்மா.

"தமிழ்க் கோயில் மண்டபத்தில் பர்மிய எழுத்து எதற்கு?" என்று கூட்டத்தில் கேட்கப்பட்டதாக அறிகிறோம். அந்தக் கேள்விக்கு எங்கள் பதில் மேலே உள்ள நிகழ்ச்சியே. மருத்துவமனையிலும் பேருந்திலும் கடையிலும் தேவைப்படுவது பர்மிய எழுத்து; அதைத்தான் வந்தவர்கள் கேட்டார்கள். ஆனால் அதைக் கற்க உதவியது தமிழ். கொம்பைத் தெரிந்துகொண்ட பிறகு, இறுதிவரை வந்தவர்களில் ஏழு பேர் தமிழும் எழுதிக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். ஒக்டோபரிலிருந்து ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பதினைந்து நிமிடம் ட, ப, ம என்று வடிவம் எளிய எழுத்துகளில் தொடங்கித் தமிழ் நடந்தது. மார்கழியில் திருப்பாவைத் தாளைத் தாமே பார்த்துப் பாட வேண்டும் என்று ஆசைப்பட்ட அந்த ஏழு பேருக்கும் மார்கழி பிறக்கும்போது மண்டபம் பூட்டியிருந்தது.

இனி, பத்து பேர் குறைந்த கதைக்கு வருகிறோம். தங்கள் கடிதத்தின் அடிப்படையே அதுதான்.

செப்டம்பர்வரை 21 பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஒக்டோபர் நடுவில் இரண்டே வாரங்களில் அது 11 ஆயிற்று. இருவர் பிழைப்புக்காகத் தாய்லாந்து போனார்கள். மற்ற எட்டுப் பேரும் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள். நம் மாநிலத்தில் மழைக்காலத்தில் மரம் நனைந்திருப்பதால் வெட்டு பெரும்பாலும் நின்றுவிடும் என்பதும், மழை ஓய்ந்ததும் தொடங்கி மரம் இலையுதிர்க்கும்வரை ஓயாமல் நடக்கும் என்பதும் இவ்வூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால் நன்றாக இறங்குவது விடியுமுன் குளிர்ச்சியில் என்பதால் நள்ளிரவு ஒன்று, இரண்டு மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார்கள். விடிந்ததும் பாலைச் சேர்த்து, அமிலம் விட்டு உறைய வைத்து, உருட்டித் தகடாக்கிக் காயப்போட நண்பகலாகிறது. மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாலும், தோட்டத்தைப் பாதியாகப் பிரித்து மாற்றி மாற்றி வெட்டுவதால் வெட்டுகிறவருக்கு ஓய்வு நாள் அரிது. அப்படிப்பட்டவர் இரவு ஏழு மணிக்கு உறங்கியாக வேண்டும். எங்கள் வகுப்பு தொடங்கும் நேரமும் அதுவே.

நாங்கள் இதை ஜூன் மாதத்தில் யோசிக்கவில்லை. மழை கொடுத்த இடைவெளியை ஆர்வம் என்று மட்டும் எண்ணிக்கொண்டோம். தாங்கள் ஒக்டோபரில் யோசிக்கவில்லை; வெட்டு தொடங்கியதை ஆர்வக்குறைவு என்று எண்ணிக்கொண்டீர்கள். இரண்டு பிழையும் ஒரே வகைதான். ஆனால் நாங்கள் விசாரித்துத் திருத்திக்கொண்டோம். தகடு காயப்போட்டு, சோறு உண்டு, கண்ணயர்ந்து எழுந்த பின் பிற்பகல் மூன்று மணி முதல் நாலரை வரை அவர்களுக்கு ஓய்வு என்று தெரிந்ததும், எங்களில் மூவர் ஞாயிறுதோறும் அந்நேரத்தில் தோட்டத்துப் பக்கம் ஓர் அக்கா வீட்டுத் திண்ணைக்குப் போனோம். எட்டுப் பேரும் நவம்பர் கடைசிவரை வந்தார்கள். அவர்களுடைய வருகை தனி நோட்டில் இருக்கிறது. மண்டபத்தில் வைத்த பதிவேட்டில் இல்லை. தாங்கள் எண்ணியது மண்டபப் பதிவேட்டை மட்டும். இரண்டையும் சேர்த்தால் இறுதிவரை படித்தவர்கள் 19 பேர்.

அவர்கள் என்ன படித்தார்கள் என்பதற்கு, அந்த எட்டுப் பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்றார். நடந்ததை எழுதச் சம்மதித்தார்.

எண்களைக் கற்பித்தபோது நாங்கள் இன்னொரு பிழை செய்தோம். பர்மிய எண்களில் 3-உம் 4-உம் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போல் இருக்கும். 6-உம் 9-உம் அப்படியே. நாங்கள் 6 முதல் 10 வரை ஒரே நாளில் எழுதிக் காட்டினோம். இந்த அக்கா ஆகஸ்டில், மழைக்கு முன் சேர்த்து வைத்திருந்த தகடுகளை விற்கப் போனார். கடைக்காரர் 46 பவுண்டு என்று சொல்லி எழுதிய சீட்டை 49 என்று வாசித்து, மூன்று பவுண்டு ஏமாற்றுகிறீர்கள் என்று கடை நிறைய ஆள் நிற்கும்போது சத்தம் போட்டுவிட்டார். வேறொருவர் வாசித்துச் சொன்ன பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை ஆண்டும் வாசிக்கத் தெரியாது என்பதை மறைத்து மரியாதையோடு இருந்தவருக்கு, படிக்கப் போனதாலேயே அவமானம் வந்தது. இரண்டு வாரம் அவர் வகுப்புப் பக்கமே வரவில்லை.

வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம், ஏனெனில் பிழை எங்களுடையது. குழப்பம் தரும் இரண்டு வடிவங்களை ஒரே நாளில் கற்பித்தால் இரண்டும் சேர்ந்தே நினைவில் பதியும். எது எது என்ற ஐயமும் அவற்றோடு பதிந்துவிடும். அதன் பிறகு முறையை மாற்றினோம். அவர் வீட்டுக் கதவில் சாயத்தால் எழுதியிருந்த எண் 6. ஒரு வாரம் முழுவதும் 6 மட்டும்: கதவில், நாள்காட்டியில், பணத்தாளில். 9 என்ற எண்ணை வகுப்பில் யாரும் தொடவேயில்லை. 6-ஐ எங்கு கண்டாலும் தயங்காமல் சொல்கிறார் என்று உறுதியான பிறகே 9 வந்தது. அதிலும் ஐயம் வந்தால் கதவை நினைத்துக்கொள்வார். கதவில் உள்ளதுபோல் இருந்தால் ஆறு, இல்லையென்றால் ஒன்பது. (பூச்சியம் 'வ' எழுத்தைப் போலவும், ஏழு 'தண்ணீர்' என்ற சொல்லின் மெய்யெழுத்தைப் போலவும் இருப்பதையும் இதேபோலத் தனித்தனி வாரங்களில்தான் தீர்த்தோம்.)

நவம்பர் இரண்டாம் ஞாயிறு அவர் திண்ணைக்கு ஒரு சீட்டைக் கொண்டுவந்து, ஒன்றும் சொல்லாமல் எங்கள் முன் வைத்தார். எடை 38 பவுண்டு. ஈரத்துக்குக் கழிவு 2. மீதி 36 என்று மேலே எழுதியிருந்தது. கீழே விலை போட்டிருந்தது 34 பவுண்டுக்கு. கழிவை ஒருமுறை கழித்து எழுதிவிட்டு, விலை போடும்போது மறந்து இன்னொரு முறை கழித்திருக்கிறார்கள். "நான் பார்த்தது சரியா பாப்பா? போன தடவை மாதிரி ஆயிடக் கூடாது" என்று கேட்டார். நாங்கள் சரி என்றதும் தனியாகவே கடைக்குப் போனார். சத்தம் போடவில்லை, சீட்டில் இரண்டு இடத்திலும் விரலை வைத்துக் காட்டினார். கடைக்காரர் பார்த்துவிட்டு, மறுபேச்சில்லாமல் இரண்டு பவுண்டின் விலையைக் கொடுத்தார். வேண்டுமென்றே செய்ததா, கை தவறியதா என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதைக் கண்டுபிடிக்க அவரால் முடிந்தது என்பதே நாங்கள் சொல்ல வந்தது. "பெரியவர்களுக்கு இனிப் படிப்பில் நாட்டம் வராது" என்ற வரி கல்லூரிக்குப் போனபோது அந்தச் சீட்டின் நகல் எங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் இருந்தது.

இந்த நாட்டில் 1960-களில் பல்கலைக்கழக மாணவர்கள் கோடை விடுமுறையில் கிராமங்களில் தங்கிப் பெரியவர்களுக்கு எழுத்தறிவித்த இயக்கத்துக்கு 1971-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. அந்த மாணவர்களும் வயல்வேலை ஓய்ந்த மாதங்களைப் பார்த்துத்தான் போனார்கள். நாங்கள் பெரிதாக எதையும் கேட்கவில்லை. எங்கள் ஊர் வேலையின் காலத்தைப் பார்த்து வகுப்பின் காலத்தை மாற்ற இடம் கேட்கிறோம்.

மண்டபத்தைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விட வேண்டியிருக்கிறது என்பதையும், கோயிலின் மின்கட்டணமும் திருப்பணிச் செலவும் அதிலிருந்துதான் வருகின்றன என்பதையும் அறிவோம். பிற்பகல் மூன்று மணிக்கு விளக்கு வேண்டியதில்லை. முகூர்த்தம் உள்ள நாளில் நாங்கள் திண்ணைக்கே போய்விடுகிறோம். எனவே தங்களிடம் நாங்கள் வேண்டுவன இவை:

செவ்வாய், ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களும் பிற்பகல் 3 மணி முதல் 4.30 வரை மண்டபத்தின் கிழக்குத் தாழ்வாரத்தை மட்டும் வகுப்புக்குத் திறந்துவிட வேண்டுகிறோம். தையிலிருந்து தொடங்க அனுமதித்தால், மரம் இலையுதிர்த்து வெட்டு நிற்கும் வாரங்களில் விட்ட பாடத்தைப் பிடித்துவிட முடியும். எங்கள் பாடத்திட்ட காலம் முடிந்துவிட்டாலும், எங்களில் நால்வர் அடுத்த மழைவரை வர எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

கல்லூரிக்கு எழுதிய கடிதத்தில் "பயனளிக்கவில்லை" என்ற வரியைத் திரும்பப் பெற்று, இறுதிவரை படித்தவர்கள் 19 பேர் என்று திருத்தி எழுத வேண்டுகிறோம். எங்கள் மதிப்பெண்ணுக்காக இதைக் கேட்கவில்லை. அதைக் கல்லூரி தன் முறைப்படி பார்த்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு வரும் மாணவர்களை இந்த ஊருக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று அந்த வரியைப் பார்த்தே முடிவு செய்வார்கள் என்பதால் கேட்கிறோம்.

வகுப்பைப் பற்றி இனி எந்த முடிவு எடுப்பதாயினும், படிக்கிறவர்களில் இருவரைக் கூட்டத்துக்கு அழைத்துக் கேட்ட பிறகு எடுக்க வேண்டுகிறோம். டிசம்பர் கூட்டத்தில் அவர்களைப் பற்றிப் பேசினீர்கள், அவர்களோடு பேசவில்லை.

கடைசியாக ஒன்று, இதற்குக் கூட்டம் தேவையில்லை. மண்டபத்து மர அலமாரியில் 19 நோட்டுகளும் ஒரு டப்பா வாசிப்புக் கண்ணாடிகளும் பூட்டிக் கிடக்கின்றன. அந்த நோட்டுகளில்தான் அவர்கள் முதன்முதலாகத் தங்கள் பெயரைத் தாமே எழுதியிருக்கிறார்கள். மற்ற வேண்டுகோள்களுக்குத் தாங்கள் பதில் எழுத எத்தனை நாளானாலும், அலமாரிச் சாவியை இந்த வாரமே குருக்களிடம் கொடுத்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வகுப்பை நடத்திய பயிற்சி ஆசிரியர்கள் அறுவர்
மோன் மாநிலம், பர்மா